மதிய சாப்பாட்டு வாடை, யாரோ ஒட்டிய சீட்டு, பேசிக்கொள்ளாத இரண்டு பேர்: என்ன செய்யலாம்?

மூன்றாம்மாடி | திங்கள், காலை 11:05

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் மொத்தம் 14 பேர். நிர்வாக வேலை என்னுடையது. அதனால் விளக்கு எரியாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள், வாடை அடித்தாலும் என்னிடம்தான்.

ஒரே தளம், பின்பக்கம் எட்டுக்கு ஆறடி சமையலறை. அதில் ஒரு சிங்க், ஒரு மைக்ரோவேவ், ஒரு ஃபிரிட்ஜ், மூலையில் தண்ணீர் ஸ்டாண்ட். கூடத்தில் இரண்டு ஸ்பிளிட் ஏசி ஓடும், ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. மூன்று மாதங்களுக்கு முன் ஒருவர் 'மதியம் மீன் வாடை தாங்கவில்லை' என்று புகார் சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் மீன் கொண்டுவந்து மைக்ரோவேவில் சூடாக்குகிற பெண் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட ஏற்பாடு செய்தேன். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. இப்போது முன்பைவிட மோசம், காலையிலேயே கூட வாடை இருக்கிறது என்கிறார்கள். போன வாரம் மைக்ரோவேவ் கதவில் ஒரு சீட்டு: "இது அலுவலகமா சந்தையா!!!! மீன் வேண்டுமென்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரவும்!!!!" கையெழுத்து இல்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் நான்கு ஆச்சரியக்குறி போடுகிறவர் எங்கள் அலுவலகத்தில் ஒருவர்தான்.

அன்றிலிருந்து அந்தப் பெண் சமையலறைப் பக்கமே வருவதில்லை, தன் மேசையிலேயே சாப்பிடுகிறார். சீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து பார்க்கிற கணக்கு வேலை ஒன்று உண்டு, அதில்கூட இப்போது மின்னஞ்சலில் மட்டும்தான் பேச்சு. மேசைகளுக்கு நடுவே நான்கடி தூரம்.

இதற்கிடையில் சிங்க் தகராறு தனி. ஒருவர் டப்பாவில் தண்ணீர் ஊற்றி 'ஊறட்டும்' என்று வைத்துவிட்டுப் போவார். மறுநாள் காலை வரை அது ஊறும். மேலே எண்ணெய்ப் படலம், கீழே உப்பிப்போன துணுக்குகள். முறை போட்டு ஒரு பட்டியல் ஒட்டினேன், இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.

மீனைத் தடை செய்து அறிவிப்பு போடச் சொல்லி எங்கள் மேலாளர் வற்புறுத்துகிறார். போடலாமா?

---

நேர்வழி | திங்கள், காலை 11:31

தடை போடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பொது இடம் என்றால் நாலு பேருக்கு ஒத்துவருவதைத்தான் செய்ய வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு எளிய வழி சொல்கிறேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் எலுமிச்சையைப் பிழிந்து மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வையுங்கள். எல்லா வாடையும் போய்விடும். எங்கள் வீட்டில் தினமும் இதுதான். எக்ஸாஸ்ட் ஃபேனையும் காலையிலிருந்து ஓடவிடுங்கள். ஃபேன் ஓடினால் வாடை எப்படி நிற்கும்?

---

பூனைக்கண் | திங்கள், மதியம் 12:10

எங்கள் அலுவலகத்தில் ஃபிரிட்ஜில் வைத்த சாப்பாட்டையே யாரோ எடுத்துச் சாப்பிடுகிறார்கள். பெயர் எழுதி ஒட்டினேன், பெயரோடு சேர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். மூன்று முறை ஆயிற்று. டப்பா மட்டும் கழுவாமல் சிங்க்கில் கிடக்கும். கண்டுபிடிக்க வழி உண்டா? கேமரா வைக்கலாமா?

---

பழைய ஸ்பேனர் | திங்கள், மதியம் 12:48

மூன்றாம்மாடி, அறிவிப்பு எதுவும் இப்போது போடாதீர்கள். கட்டடப் பராமரிப்பில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். வாடைப் புகார் என்று போன இடங்களில் பாதிக்கு மேல், வாடை ஒரு இடத்தில் இருக்கும், பழி வேறொரு ஆள் மேல் இருக்கும்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. 'காலையிலேயே வாடை' என்கிறீர்கள். மதியம் சூடாக்குகிற மீன் காலையில் எப்படி வாடை அடிக்கும்? அதுவும் ஃபேன் மாட்டிய பிறகு மோசமாகியிருக்கிறது. மூன்று விஷயம் சொல்லுங்கள்:

காலை வாடையும் மதிய வாடையும் ஒரே மாதிரியா, வேறு வேறா? ஃபேனை யார், எத்தனை மணிக்குப் போடுகிறார்கள்? சமையலறைத் தரையில் தண்ணீர் போகிற ஜாலி ஏதாவது இருக்கிறதா, அதில் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள்?

---

மூன்றாம்மாடி | திங்கள், மதியம் 1:02

சார், வாடை ஒன்றா வேறா என்று யோசித்ததில்லை, 'நாற்றம்' என்று மட்டும்தான் சொல்கிறார்கள். ஃபேனை முதலில் வருகிறவர் எட்டரைக்குப் போட்டுவிடுவார், சாயங்காலம் வரை ஓடும். தரையில் ஜாலி இருக்கிறது, தண்ணீர் ஸ்டாண்டுக்குக் கீழே. அதை யாரும் கழுவுவதில்லை, ஈரத் துணியால் துடைப்பதோடு சரி.

---

பழைய ஸ்பேனர் | திங்கள், மதியம் 1:20

அப்படியானால் ஒரு வாரம் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். நாள், நேரம், எங்கே நின்றபோது, எந்த மாதிரி வாடை, அப்போது ஃபேன் ஓடியதா, யாராவது எதையாவது சூடாக்கினார்களா. அவ்வளவுதான்.

உள்ளேயே உட்கார்ந்துகொண்டு முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை. மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். அதனால்தான் சாப்பாடு கொண்டுவந்தவருக்கே அதன் வாடை தெரிவதில்லை, வெளியிலிருந்து வருகிறவர் மூக்கைப் பொத்துகிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. நீங்கள் பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். கதவைத் திறந்ததும் வருகிற முதல் மூச்சுதான் கணக்கு.

நேர்வழிக்கு ஒரு வார்த்தை. எலுமிச்சை விஷயத்தில் உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. மீன் கவுச்சிக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது. புளிப்பு அதன்மேல் பட்டால் அது ஆவியாகிப் பறக்காத உப்பாக மாறிவிடும். அதனால் எலுமிச்சையோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் கவுச்சி அடங்கும். ஆனால் கிண்ணத்தில் வைத்துக் கொதிக்கவிட்டால் நடப்பது முக்கியமாக நீராவி வேலைதான், ஒட்டியிருக்கிற எண்ணெய் இளகும். இளகியதைத் துடைத்து எடுக்காவிட்டால் மறுபடி அங்கேயே இறுகிவிடும். தீய்ந்த எண்ணெய் வாடைக்கும் சாக்கடை வாடைக்கும் எலுமிச்சை எதுவும் செய்யாது.

---

நேர்வழி | திங்கள், மதியம் 1:34

எனக்குத் துடைக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லையே. சரி, துடைக்கவும் வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஃபேன் ஓடினால் வாடை அதிகமாகும் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை. ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறது, உள்ளே கொண்டுவரவில்லை.

---

பழைய ஸ்பேனர் | திங்கள், மதியம் 1:55

வெளியே தள்ளிய அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டுமே. ஜன்னலெல்லாம் அடைத்த கூடம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருக்கிற அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். அப்போது ஃபேன் எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கிருந்து இழுக்கும்.

தரை ஜாலிக்குக் கீழே வளைவாக ஒரு டிராப் இருக்கும். அதில் சுமார் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்று மேலே வராமல் அடைத்துக்கொண்டிருக்கும். பல வாரம் தண்ணீரே ஊற்றாவிட்டால், அதுவும் ஏசி ஓடுகிற இடத்தில், அது வற்றிவிடும். வற்றிய டிராப் என்றால் மூடியில்லாத குழாய். ஃபேனைப் போட்டதும் சாக்கடையிலிருந்து நேராக உங்கள் சமையலறைக்குக் காற்று.

சரிபார்ப்பது எளிது. மெல்லிய டிஷ்யூவை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து ஜாலிக்கு மேலே தொங்கவிட்டுப் பிடியுங்கள். ஃபேன் ஓடும்போது அது மேல்நோக்கி ஆடினால் விஷயம் அதுதான். தீக்குச்சி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். சாக்கடைக் காற்றில் எரிகிற வாயுவும் இருக்கும்.

---

கடற்காற்று | திங்கள், மாலை 6:15

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தவள். முந்தைய வேலையில் என் டப்பாவைத் திறந்தாலே பக்கத்து நாற்காலி நகரும். ஒருநாள் யாரோ என் மேசையில் வாசனை ஸ்பிரே ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பரிசுபோல, ரிப்பன் கட்டி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் எட்டு மாதம் மதியத்தில் பழம் மட்டும் சாப்பிட்டேன்.

மூன்றாம்மாடி, நீங்கள் நாள் குறிப்பதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பெண்ணிடம் நேரில் ஒரு வார்த்தை பேசினீர்களா? உங்கள் பதிவு முழுக்கத் தேடினேன், 'எல்லாருக்கும் தெரியும்' என்று இருக்கிறதே தவிர, அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை.

---

சும்மாஒருவன் | திங்கள், இரவு 9:40

வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. எனக்கு ஒற்றைத் தலைவலி. கடுமையான வாடை எதுவாக இருந்தாலும், மீனோ, பூண்டோ, சென்டோ, அன்றைய மதியம் போயிற்று. அதை வெளியே சொன்னால் 'அடுத்தவர் சாப்பாட்டைக் கேவலப்படுத்துகிறான்' என்று பெயர். வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல், பொறுக்கவும் முடியாமல்தான் ஆட்கள் சீட்டு எழுதுகிறார்கள். சீட்டு எழுதியது தப்பு. ஆனால் அவருக்கு வாடை அடித்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லையே.

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 8:00

ஃபிரிட்ஜ் திருட்டு பற்றிய ஏழு பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. பூனைக்கண், கேமரா பற்றிய விவாதத்தை அங்கே தொடருங்கள்.

---

மாலைநேரம் | செவ்வாய், காலை 10:22

சிங்க் பற்றி யாருமே பேசவில்லையே, அதைப் பற்றி நான் சொல்கிறேன். எங்களிடமும் முறைப் பட்டியல் இருந்தது. ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு வாரம். காகிதத்தில் எல்லார் பெயரும் இருந்தது. நடந்தது என்னவென்றால், ஆண்கள் வாரத்தில் சிங்க் நிரம்பும். 'மீட்டிங்', 'கிளையண்ட் கால்', 'மறந்தே போச்சு' என்று வியாழக்கிழமை வரை ஓடும். வெள்ளிக்கிழமை பார்க்கச் சகிக்காமல் எங்கள் மூன்று பெண்களில் யாராவது கழுவிவிடுவோம். ஆறு மாதம் கழித்துத்தான், பட்டியல் என்பதே நாங்கள் கழுவுவதற்குப் போட்ட ஒரு நாடகம் என்று புரிந்தது.

பட்டியலில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. அடுத்தவர் எச்சில் டப்பாவைக் கழுவ வேண்டியிருக்கிறது. தன் டப்பாவைக் கழுவச் சோம்பல்படுகிறவன் என் முறை வாரத்தில் இன்னும் தாராளமாக வைத்துவிட்டுப் போவான், அதுதான் கழுவ ஒரு ஆள் இருக்கிறாளே என்று.

---

பழைய ஸ்பேனர் | செவ்வாய், காலை 11:15

மாலைநேரம் சொல்வதுதான் நான் பல இடத்தில் பார்த்ததும். ஓரளவுக்கு நிலைத்தது இது: சிங்க்கில் எதுவும் இருக்கக்கூடாது. கழுவினால் கழுவி எடுத்துப் போ, கழுவ நேரமில்லையென்றால் மூடி பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோ. பொதுத் தட்டு, பொதுக் கரண்டி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பொதுச் சொத்து இருக்கிற வரைக்கும் யாருடையது என்ற சண்டை இருக்கும். முறை வேண்டுமென்றால் சாமானுக்கு மட்டும் போடுங்கள்: மைக்ரோவேவ் துடைப்பது, மேடை துடைப்பது, ஸ்பாஞ்ச் மாற்றுவது. அதுவும் ஆளுக்கு ஒரு நாள், ஒரு வாரம் அல்ல. ஒரு நாள் என்றால் தவறினது யார் என்று அன்றே தெரியும். ஒரு வாரம் என்றால் 'நாளைக்குச் செய்யலாம்' என்று ஐந்து நாள் போகும்.

ஸ்பாஞ்ச் என்றதும் ஒன்று. 14 பேருக்கு ஒரு ஸ்பாஞ்ச், அது எப்போதும் ஈரமாக சிங்க் மூலையில் கிடக்கிறது என்றால், சுத்தம் செய்ய வைத்த பொருளே வாடைக்கு ஒரு காரணம். 2017-இல் ஜெர்மனியில் வீடுகளில் பயன்படுத்திய 14 ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்தார்கள். அழுக்குத் துணிகளில் வாடை வரவைக்கிற அதே வகை பாக்டீரியா அவற்றில் நிறைய இருந்தது. கொதிக்கவைத்தோ மைக்ரோவேவில் வைத்தோ சுத்தம் செய்ததாகச் சொன்னவர்களின் ஸ்பாஞ்சுகளும் அந்த விஷயத்தில் மேலாக இல்லை. வாரம் ஒன்று என்று தூக்கிப் போட்டுவிடுங்கள், உபயோகித்ததும் பிழிந்து நிமிர்த்தி வையுங்கள்.

---

சும்மாஒருவன் | செவ்வாய், மதியம் 12:05

பொதுக் கோப்பை எல்லாம் எடுத்துவிட்டால் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எதில் குடிக்கக் கொடுப்பது? கையிலா ஊற்றுவது?

---

மாலைநேரம் | செவ்வாய், மதியம் 12:11

யார் விருந்தாளியோ அவர் கழுவட்டும். என் விருந்தாளிக்கு நான் கழுவுகிறேன், உங்கள் விருந்தாளிக்கும் நான் ஏன் கழுவ வேண்டும்?

---

சும்மாஒருவன் | செவ்வாய், மதியம் 12:19

அந்தக் கணக்கெல்லாம் எழுதிவைக்க ஒரு ஆள் வேண்டும். அப்புறம் அந்த ஆளோடு சண்டை.

---

மூன்றாம்மாடி | அடுத்த திங்கள், மாலை 5:30

ஒரு வாரக் குறிப்பு இதோ. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் காலை 8:45. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் வாடை. மீன் இல்லை, கெட்டுப்போன முட்டை மாதிரி. மதியம் 1:15-க்கு வேறு வாடை, இது கவுச்சிதான். புதன் அந்தப் பெண் விடுமுறை. காலையில் அதே முட்டை வாடை, மதியம் அதே கவுச்சி! மீன் கொண்டுவருகிறவரே அன்று அலுவலகத்தில் இல்லை. யார் சூடாக்கியது என்று பார்த்தேன், மூன்று பேர், மூவர் டப்பாவிலும் மீன் இல்லை. வியாழன் நானே சீக்கிரம் போய், மதியம் வரை ஃபேனைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் வாடையே இல்லை. ஃபேன் போட்ட பிறகு அரைமணி நேரத்தில் முட்டை வாடை லேசாக வந்தது. வெள்ளியும் அதே. இன்று திங்கள் காலை ஃபேன் வழக்கம்போல ஓடியபோது மிக மோசம். சனி ஞாயிறு யாரும் இங்கே சாப்பிடவே இல்லை.

டிஷ்யூ சோதனையும் செய்தேன். தண்ணீர் ஸ்டாண்டை நகர்த்தி, முழங்காலில் உட்கார்ந்து பிடித்தேன். ஃபேன் நின்றிருந்தபோது தொங்கியது. ஃபேன் போட்டதும் பட்டென்று நிமிர்ந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது. அந்த ஃபேனை மாட்டச் சொன்னது நான்தானே.

ஒரு வாளித் தண்ணீர் மெதுவாக ஊற்றினேன். ஃபேனைப் போட்டு மறுபடி பிடித்தேன், டிஷ்யூ அசையவில்லை. சாயங்காலம் வெளியே போய் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். முட்டை வாடை போயே போயிற்று.

ஆனால் மதியக் கவுச்சி இன்னும் இருக்கிறது. மீனே இல்லாத நாளிலும் எப்படி என்று புரியவில்லை.

---

பழைய ஸ்பேனர் | அடுத்த திங்கள், மாலை 6:05

அழகாகக் குறித்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் கிளம்புமுன் அந்த ஜாலியில் ஒரு வாளி ஊற்றுவதை வழக்கமாக்குங்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் வேறு ஓட்டையைத் தேடும். மதியம் ஃபேன் ஓடுகிற நேரத்தில் சமையலறைக்கு நேர் எதிர்மூலையில் இருக்கிற கூடத்து ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். சமையலறைக் கதவை முக்கால்வாசி சாத்துங்கள். அப்போது காற்று ஜன்னல் வழியே வந்து, கூடத்தைக் கடந்து, கதவு இடுக்கில் புகுந்து, ஃபேன் வழியே வெளியேறும். வாடையும் அதே திசையில்தான் போகும், கூடத்துக்குத் திரும்பாது. சமையலறை ஜன்னலையே திறந்தால் பயனில்லை. ஃபேன் பக்கத்து ஜன்னல் காற்றை உள்ளே இழுத்து அப்படியே வெளியே விட்டுக்கொண்டிருக்கும், கூடம் அதன் பாட்டுக்கு இருக்கும்.

மதியக் கவுச்சிக்கு மைக்ரோவேவின் மேல்கூரையைப் பாருங்கள். எல்லாரும் தட்டையும் கதவையும் துடைப்பார்கள், அண்ணாந்து யாரும் பார்ப்பதில்லை. மூடாமல் சூடாக்கிய சாப்பாடு தெறிப்பது அங்கேதான். மைக்ரோவேவுக்குள் ஒரு விசிறி காற்றை ஊதி, ஆவியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் பழைய படிவுக்குக் கீழே யார் எதைச் சூடாக்கினாலும் அந்த ஆவி பட்டு, பழைய வாடை மறுபடி கிளம்பி அறைக்குள் வரும். இன்று கொண்டுவந்தவர் பெயரில் போன மாத மீன் மணக்கும்.

உள்ளே பக்கவாட்டுச் சுவரில் அட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும். அதைச் சுரண்டாதீர்கள், ஈரத் துணியால் லேசாக ஒற்றினால் போதும். அதில் எண்ணெய் படிந்து கருகினால் பொறி பறக்கும்.

---

மூன்றாம்மாடி | அடுத்த செவ்வாய், மதியம் 2:40

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கைபேசி விளக்கை உள்ளே விட்டு அண்ணாந்து பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. காவி நிறத்தில் ஒரு தோல் மாதிரி படிந்திருந்தது, அங்கங்கே துளித் துளியாகத் தொங்கிக்கொண்டு. நேர்வழி சொன்ன கிண்ணத்தை மூன்று நிமிடம் வைத்து, இளகினதும் வினிகர் தொட்ட துணியால் துடைத்தேன். முதல் துணி காபிப்பொடி நிறம். மூக்கருகே கொண்டுபோனேன், கவுச்சியேதான். நான்கு துணி ஆயிற்று.

இன்று மதியம் ஐந்து பேர் சூடாக்கினார்கள். ஜன்னல் இரண்டு விரல், கதவு முக்கால். கூடத்தில் எதுவும் தெரியவில்லை. சமையலறைக்குள் போனால் சாப்பாட்டு வாடை இருந்தது, அது இருக்கத்தானே செய்யும்.

---

நேர்வழி | அடுத்த செவ்வாய், மதியம் 2:58

கிண்ணம் வேலை செய்தது என்று குறித்துக்கொள்கிறேன். :)

ஆனால் கூரையில் படிந்தது மீன்தானே? படிய வைத்தவர் அவர்தானே? அப்படியானால் புகார் முழுப் பொய்யும் இல்லை.

---

பழைய ஸ்பேனர் | அடுத்த செவ்வாய், மாலை 3:30

பொய் என்று நான் சொல்லவில்லை. மீனைச் சூடாக்கினால் வாடை வரத்தான் செய்யும், அதுவும் கடல்மீன். ஆற்றுமீனில் அந்தக் கவுச்சிப் பொருள் ரொம்பக் குறைவு. மூடி போட்டு, முழு வேகத்தில் ஒரு நிமிடத்துக்குப் பதிலாகப் பாதி வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் தெறிப்பது பெருமளவு குறையும். அந்தக் கூரையில் 14 பேருடைய குழம்பும் இருக்கும். மூக்கு பிடித்தது ஒன்றைத்தான்.

---

கடற்காற்று | அடுத்த செவ்வாய், இரவு 8:20

மூன்றாம்மாடி, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

---

மூன்றாம்மாடி | அடுத்த வியாழன், மாலை 6:50

கடற்காற்று, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று கூச்சம். இன்று கேட்டேன்.

முதலில் தரை ஜாலி, மைக்ரோவேவ் கூரை எல்லாம் சொன்னேன். அவர் கணினியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சீட்டு ஒட்டுவதற்கு மூன்று வாரம் முன்பே மீன் கொண்டுவருவதை நான் நிறுத்திவிட்டேன். முதல் புகார் என் காதுக்கும் வந்தது. நீங்கள் யாரும் என் டப்பாவைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்."

நான் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிடுவேன், அவர் ஒன்றரைக்கு. பார்த்ததே இல்லை என்பது உண்மை. ஆனால் இந்த இழையின் முதல் பதிவில் 'வாரத்தில் இரண்டு நாள்' என்று பெரிய சாட்சி மாதிரி எழுதியது நான்தான். புதன்கிழமை அவர் விடுமுறையில் இருந்ததை ஒரு கண்டுபிடிப்பு போலக் குறித்தேன், மற்ற நாட்களில் அவர் டப்பாவிலும் மீன் இல்லை என்று தெரியாமல்.

மேலாளரிடம் நோட்டைக் காட்டினேன். தடை அறிவிப்பு வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். சீட்டுக்காரரிடம் தனியாகப் பேசினேன், யார் எழுதியது என்று கேட்கவில்லை, தரை ஜாலி கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இருந்தாலும் மீன் மீன்தானே" என்றார். மன்னிப்பு கேட்பார் என்று தோன்றவில்லை.

---

சும்மாஒருவன் | அடுத்த வியாழன், இரவு 7:30

எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள், வாடை வடிகாலிலிருந்து வந்தது என்று. பழி பொதுவில் விழுந்தது, விலகுவதும் பொதுவில்தான் விலக வேண்டும்.

---

கடற்காற்று | அடுத்த வியாழன், இரவு 7:52

அதற்கு முன் அவரிடம் கேளுங்கள். எனக்கு அப்படி ஒரு கூட்டம் போட்டு 'இவர் மேல் தப்பில்லை' என்று சொல்லியிருந்தால் அன்றே வேலையை விட்டிருப்பேன். எல்லாரும் மறுபடி என் டப்பாவைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

---

மாலைநேரம் | அடுத்த வியாழன், இரவு 8:10

பெயர் சொல்லாமல் 'தரை ஜாலி வற்றியிருந்தது, சரிசெய்தாயிற்று' என்று மட்டும் அலுவலகக் குழுவில் போட்டால்? புரிகிறவர்களுக்குப் புரியும்.

---

மூன்றாம்மாடி | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, மாலை 5:45

மாலைநேரம் சொன்ன மாதிரிதான் போட்டேன், அவரிடம் கேட்டுவிட்டு. "போடுங்கள், என் பெயர் வேண்டாம்" என்றார். குழுவில் ஆறு பேர் கட்டைவிரல் வைத்தார்கள். சீட்டுக்காரர் வைக்கவில்லை.

பொதுத் தட்டுகளை எடுத்துவிட்டேன், கோப்பை மட்டும் ஆறு இருக்கிறது. அதில் தகராறு ஓயவில்லை, இன்று காலைகூட இரண்டு கிடந்தன. 'ஊறட்டும்' ஆசாமி இப்போது டப்பாவை ஊறவைத்து, மூடி, தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். அது சிங்க்கில் இல்லை, அதனால் நான் எதுவும் சொல்வதற்கில்லையாம். மைக்ரோவேவ் முறை ஓடுகிறது, இதுவரை நான்கு நாள்தான் தவறியது.

அந்தப் பெண் இன்னும் மேசையில்தான் சாப்பிடுகிறார். நேற்று தண்ணீர் பிடிக்க வந்தவர், மைக்ரோவேவ் கதவைத் திறந்து, குனிந்து, அண்ணாந்து மேலே பார்த்துவிட்டுப் போனார். எதுவும் சொல்லவில்லை.

---

பழைய ஸ்பேனர் | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, மாலை 6:02

இன்று வெள்ளி. வாளி ஊற்றினீர்களா?

---

மூன்றாம்மாடி | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, மாலை 6:04

ஐயோ. கீழே வந்துவிட்டேன். திரும்பப் போகிறேன்.